டைமரை முதல் வாரமே இறுக்குவதா, கொஞ்சம் பொறுப்பதா?

ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 40 நிமிடம். சமீப ஆண்டுகளில் வந்த 24 கேள்விகளில் 16 பாசேஜிலிருந்துதான்: நான்கு பாசேஜ், ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி. பாசேஜ் கேள்விகளில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறானால் 1 குறையும்.

இதற்குப் பழகுபவர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். முதல் நாளே டைமர் வைத்து, வாரத்துக்கு வாரம் நேரத்தைக் குறைப்பது ஒன்று. முதல் மூன்று வாரம் கெடு வைக்காமல், ஸ்டாப்வாட்சில் ஆகும் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, விடை நிலையான பிறகு டைமரை இறுக்குவது இன்னொன்று.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னோடு சேர்ந்து படிக்கும் இருவர் ஆளுக்கொரு வழியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பயிற்சியில் டைமர்காரர் பாசேஜுக்கு 8 நிமிடமாக நான்கையும் 32 நிமிடத்தில் முடித்தார். பதினாறில் எட்டு சரி, எட்டு தவறு. 24 - 8 = 16 மதிப்பெண். மற்றவர் பாசேஜுக்கு 10 நிமிடம் எடுத்து மூன்றைத்தான் தொட்டார். பன்னிரண்டில் பத்து சரி. 30 - 2 = 28.

டைமர்காரரிடம் கேட்டால், "நேரம் போச்சுண்ணே, அதான் குத்துமதிப்பா போட்டேன்" என்றார். அந்த வழியின் பெரிய குறை இதுதான். தவறுக்குக் காரணம் அவசரமா, பாசேஜே புரியவில்லையா என்று தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டைமர் முடிந்ததும், விடைக்குறிப்பைப் பார்க்காமல் அதே கேள்விகளை நிதானமாக மறுபடி போடுங்கள். இப்போது சரியாக வந்தால் பிரச்சினை வேகம். அப்போதும் தவறினால் புரிதல். அதற்கு டைமர் மருந்தாகாது.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 500 சொல் பாசேஜை நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் படித்தால் இரண்டரை நிமிடம். 250 என்றால் இரண்டு. பாடுபட்டு வேகத்தைக் கூட்டினாலும் மிஞ்சுவது அரை நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் கடைசியில் மிஞ்சும் இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே தடுமாறுவதில் கரைகிறது. அதனால் படித்த நேரத்தையும் கேள்விக்குப் போன நேரத்தையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறேன். தவறிய ஆப்ஷன் பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும்: பாசேஜில் இல்லாததா, இருந்தும் கேட்டதற்குப் பதில் இல்லையா, "எப்போதும்", "மட்டுமே" என்று அளவுமீறிச் சொன்னதா. இந்தக் குறிப்பு சேரச் சேரத் தடுமாற்றம் குறையும்.

எனவே என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. தொடர்ந்து ஆறு பாசேஜில் நான்கு கேள்விக்குக் குறைந்தது மூன்று சரியாக வந்த பிறகு, வாரம் அரை நிமிடம் குறைக்கலாம். சரி விகிதம் விழுந்தால் பழைய நேரத்துக்கே திரும்பிவிட வேண்டும். அப்புறம், பாசேஜின் நீளமும் கடினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். தத்துவக் கட்டுரைக்கு அடுத்த நாள் எளிய செய்திக் கட்டுரை எடுத்தால், வேகம் கூடியதுபோல் பொய்யாகத் தோன்றும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: கெடு இல்லாதபோது நான்கும் சரியாக வருகிறது, ஆனால் 14 நிமிடம் ஆகிறது என்பவர் முதல் நாளே டைமரோடு உட்காரலாம்.