ஹீட் க்யூர், கோல்டு க்யூர்: 14 வருஷ லேப் அனுபவம்

பல் செட் லேபில் 14 வருஷமாக இருக்கிறேன். செட் செய்யும் அக்ரிலிக் பவுடரும் லிக்விடும் கலந்த மாவு; சூட்டில் இறுகுவது ஹீட் க்யூர், அறைச் சூட்டிலேயே இறுகுவது கோல்டு க்யூர். முழு செட் எல்லாம் ஹீட் க்யூரில்தான் போடுவேன். கோல்டு க்யூர் பாட்டில் ரிப்பேர் மேசையில் இருக்கும். அவசரப்பட்டு இரண்டிலும் நிறைய வேலையைக் கெடுத்திருக்கிறேன்.

சேர்ந்த மூன்றாம் வருஷம். கீழ்த்தாடைக்கு ஒரு முழு செட், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று டாக்டர் போன் மேல் போன். பிளாஸ்டர் அச்சுக்குள் மாவு பேக் செய்த உலோகப் பெட்டியான ஃபிளாஸ்க்கை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கி ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. நாக்குப் பக்கம் கொஞ்சம் தடிப்பு என்று பர் வைத்து இழைத்தால், உள்ளே பிட்டுப் பார்த்த இட்லி மாதிரி வட்ட வட்டமாக ஓட்டை. உதட்டுப் பக்க மெல்லிய ஓரத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. காரணம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பவுடரில் உள்ள பென்சாயில் பெராக்சைடு 60 டிகிரிக்கு மேல் சூடானதும் சிதைந்து வேலையை ஆரம்பிக்கும். அப்புறம் அக்ரிலிக் தானே சூட்டைக் கக்கும். மெல்லிய இடத்தில் அந்தச் சூடு பக்கத்துப் பிளாஸ்டருக்குப் போய்விடும். தடித்த இடத்தின் நடுவில் வெளியேற வழி கிடையாது. லிக்விடான மோனோமர் 100 டிகிரியை ஒட்டிக் கொதிப்பது. வெளியே ஏற்கெனவே கொதிக்கிற தண்ணீர் என்றால் நடுவில் சூடு அதைத் தாண்டிவிடும். இறுகாமல் மிச்சமிருக்கும் மோனோமர் ஆவியாகிக் குமிழாக மாட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு, சூட்டை அளவாக வைக்கும் தண்ணீர்த் தொட்டியான அக்ரிலைசரில் 74 டிகிரியில் 2 மணி நேரம், அப்புறம் கொதிநிலையில் 1 மணி நேரம் என்பதை மாற்றியதில்லை. முதல் கட்டத்தில் தடித்த இடம் கொதிக்காமலே இறுகிவிடும். கடைசிக் கொதி, சொந்தச் சூடு பத்தாத மெல்லிய இடங்களை முழுசாக வேகவைக்க.

எல்லா ஓட்டையும் சூட்டால் வருவதில்லை. செட் முழுக்கக் கோணல் மாணலாகச் சிதறிக் கிடந்தால் மாவு போதாமல் பேக் செய்திருப்பீர்கள், அல்லது பிரஸ் சரியாக இறுகியிருக்காது. மெல்லிய ஓரங்களில் உப்பு பூத்த மாதிரி வெளுத்திருந்தால் கலவையில் லிக்விட் குறைவு, இல்லையென்றால் மூடி போடாத ஜாடியில் மோனோமர் பறந்திருக்கும். அளவு கப்பில் பவுடர் 3 பங்கு, லிக்விட் 1 பங்கு. ஸ்பாட்டுலாவை இழுத்தால் நூல் வரும் வரை பொறுத்து, ஜாடியில் ஒட்டாமல் சப்பாத்தி மாவு போல உருண்டு வந்ததும் பேக் செய்ய வேண்டும்.

வளைவது வேறு கதை. 74-இல் ஒழுங்காக வேகவைத்த மேல் செட் ஒன்று, டாக்டர் வாயில் வைத்தால் நிற்கவில்லை என்று திரும்பி வந்தது. நோயாளியின் தாடை அச்சான பிளாஸ்டர் மாடலில் வைத்துப் பார்த்தேன். ஓரங்கள் இறுக்கமாக உட்கார்ந்தன, அண்ணத்தின் பின்பக்க நடுவில் காகிதம் தாராளமாக நுழைந்தது. அன்று ஃபிளாஸ்க்கைச் சூட்டோடு குழாயடியில் வைத்துத் திறந்தது ஞாபகம் வந்தது. ஆறும்போது அக்ரிலிக் பிளாஸ்டரைவிட அதிகம் சுருங்கும். ஃபிளாஸ்க்குக்குள் சுருங்க முடியாமல் விறைத்துக்கொண்டிருந்தது, திறந்ததும் உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும். இரண்டு ஓரமும் நெருங்க, நடு அண்ணம் தூக்கும். இப்போது அரை மணி நேரம் மேசையில், கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில், அப்புறம்தான் திறப்பது. பாலிஷ் போடும்போது கைக்குச் சூடு தெரிந்தாலே நிறுத்திவிடுவேன். வெந்நீரில் கழுவக்கூடாது என்று நோயாளிகளிடம் சொல்வதும் இதற்காகத்தான்.

கோல்டு க்யூரை மதிக்க ஆரம்பித்தது இங்கேதான். அதில் சூட்டின் வேலையை லிக்விடில் உள்ள அமீன் செய்கிறது. அறைச் சூட்டிலேயே இறுகுவதால் இந்த இழுப்பு குறைவு, மாடலில் நன்றாகப் படிகிறது. ஆனால் பலம் கம்மி. இறுகாமல் நிற்கும் மோனோமர் ஹீட் க்யூரில் அரை சதவீதத்துக்குள், இதில் 3 முதல் 5 சதவீதம். சிலருக்கு ஈறு எரியும். கலக்கும்போது சேரும் காற்று பொடிப் பொடி ஓட்டையாகவும் நிற்கும். பிரஷர் பாட் என்ற அழுத்தப் பாத்திரத்தில், வெதுவெதுப்பான தண்ணீரில், 30 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் கால் மணி நேரம் வைத்தால் அது வெகுவாகக் குறைகிறது.

நடுவில் உடைந்த மேல் செட்டுக்கு ஹீட் க்யூர் போட்டு ஒரு முறை மறுபடி வேகவைத்தேன். பழைய பகுதியில் அடங்கியிருந்த இழுப்பெல்லாம் அவிழ்ந்து, செட்டே கோணிக்கொண்டது. இப்போது ரிப்பேர் எல்லாம் கோல்டு க்யூர்தான். ஒட்டிய கோடு நாளாவட்டத்தில் மஞ்சளிக்கும், அதே இடத்தில் மறுபடி உடைந்தும் வரும். இரண்டாம் தடவை வந்தால் ஒட்டாமல் புதுசு செய்யச் சொல்லிவிடுகிறேன்.