தட்டில் வளர்த்து எண்ணுவதா, லேசரில் எண்ணுவதா?

குடிநீரில் பாக்டீரியாவை எண்ணப் பழைய வழி, அகார் என்ற சத்துக்கூழ் தட்டில் ஊற்றிச் சில நாள் காத்திருந்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவது. செல்களை லேசரால் எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியிலோ, டிஎன்ஏவில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் சைபர் கிரீன் சாயம் ஏறச் சுமார் கால் மணி நேரம்தான். அப்புறம் செல்கள் வரிசையாக நீல லேசரைக் கடக்கும். நொடிக்கு ஆயிரம்கூட எண்ணலாம்.

சிதறும் ஒளி பருமனைச் சொல்லும், பச்சை ஒளிர்வு டிஎன்ஏ அளவைச் சொல்லும். ஆனால் பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவுதான். சிதறலை மட்டும் நம்பினால் தூசியும் கணக்கில் ஏறிவிடும். அதனால் பச்சை ஒளிர்வு வந்தால்தான் எண்ணும்படி கருவியை அமைப்பார்கள்.

சுவிட்சர்லாந்து 2012இல் இந்த லேசர் முறையைக் குடிநீர்ச் சோதனை முறைகளில் சேர்த்தது. தட்டில் சில பத்துப் புள்ளிகளே காட்டும் நீரில் இது மில்லிலிட்டருக்குப் பல்லாயிரம் செல்கள் காட்டும். முரண் இல்லை, பெரும்பாலானவை அகாரில் வளர்வதே இல்லை. ஆனால் குளோரினில் செத்தவையும் பச்சையாகவே மின்னலாம். புரோபிடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயமும் சேர்த்தால் சவ்வு உடைந்தவை சிவப்புக்கு மாறிப் பிரிந்து தெரியும்.

பிரித்தெடுக்கும் வகைக் கருவி, வேண்டிய செல் உள்ள துளிக்கு மின்னூட்டம் கொடுத்துத் தனிக் குழாய்க்குத் திருப்பும். தட்டிலென்றால் புள்ளியைக் கையால்தான் எடுக்க வேண்டும். வேகத்துக்கு என் ஓட்டு லேசருக்கே. ஆனால் அது இனத்தைச் சொல்லாது, ஈ. கோலை இருக்கிறதா என்று கேட்டால் இன்னமும் தட்டுதான்.