தண்ணீர் இருந்தும் "டிரை ரன்": சோலார் போர்வெல் மோட்டாருடன் சில வருடங்கள்

போர்வெல்லுக்கு சோலார் போடப்போகும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சப்மெர்சிபிள் இறக்கட்டுமா, மேலேயே மோனோபிளாக் வைத்துக்கொள்ளட்டுமா?" என்னிடம் ஓடுவது சப்மெர்சிபிள். மோட்டாரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கோபமெல்லாம் கன்ட்ரோலரில் இருக்கும் டிரை ரன் பாதுகாப்பின் மேல்தான், அதாவது தண்ணீர் இல்லாமல் சுற்றினால் மோட்டாரை நிறுத்திவிடும் ஏற்பாட்டின் மேல்.

காலையில் வெயில் ஏற ஏற மோட்டார் மெல்லச் சுற்றத் தொடங்கும். தொட்டியில் ஒரு சொட்டும் விழாது. கொஞ்ச நேரத்தில் திரையில் டிரை ரன் என்று காட்டி நின்றுவிடும், அப்புறம் அரை மணி நேரம் எழுந்திருக்காது. கயிறு விட்டு அளந்தால், இரவெல்லாம் ஊறிய தண்ணீர் கிணற்றில் தாராளமாக நிற்கிறது!

காரணம் இதுதான். பம்பு தண்ணீரைத் தூக்கும் உயரம், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். என் பம்பு முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 70 மீட்டர் தூக்கும். தண்ணீர் 22 மீட்டரில் நிற்கிறது, தொட்டியின் வாய் தரையிலிருந்து 8 மீட்டர் மேலே. ஆக மொத்தம் 30 மீட்டர். கணக்குப் போட்டால், சுமார் 33 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டார் சுற்றும், தண்ணீர் மேலே வராது. தண்ணீரைத் தள்ளாத மோட்டார் கரன்ட் குறைவாகத்தான் இழுக்கும். கன்ட்ரோலரோ கரன்ட் குறைந்ததை மட்டும் பார்த்து, கிணறு வற்றிவிட்டது என்று முடிவு கட்டுகிறது. மதியம் இன்னும் மோசம். இறைக்க இறைக்க மட்டம் 38 மீட்டருக்கு இறங்கியதும், அந்த எல்லை 41 ஹெர்ட்ஸாக ஏறிவிடும். ஒரு மேகம் கடந்தால் போதும், நல்ல வெயிலில் அரை மணி நேரம் வீண்.

பொருத்த வந்தவர்கள் கம்பெனி அமைப்பை அப்படியே விட்டுப் போனார்கள். பிறகு சரிபார்க்க வந்த ஒருவர் அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடச் சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். சப்மெர்சிபிளைக் குளிர வைப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான், பம்பின் பேரிங்குகளுக்கு வழவழப்பும் அதுதான். நிஜமாகவே வற்றினால் சில நிமிடங்களில் பம்பு போய்விடும். கோடையில் ஒருமுறை அப்படி வற்றியபோது இதே பாதுகாப்புதான் என் மோட்டாரைக் காப்பாற்றியது. அன்று அடையாளம் வேறாக இருந்தது: நல்ல வெயில், முழு வேகம், குழாயில் காற்றும் தண்ணீரும் விட்டுவிட்டுத் துப்பியது, அதன் பிறகே கரன்ட் சட்டென்று விழுந்தது. ட்ரிப் ஆகும்போது திரையில் எத்தனை ஹெர்ட்ஸ் இருந்தது என்று பாருங்கள். குறைந்த வேகத்தில், தண்ணீரே வராமல் நின்றிருந்தால் குற்றம் கிணற்றில் இல்லை.

நான் செய்தது இரண்டு மாற்றம். 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டார் ஓடாது, கரன்டை வைத்து டிரை ரன் முடிவு செய்வது 42 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும். இடைப்பட்ட வேகத்துக்குக் காவலாக, பம்புக்கு மேலே தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். அதன் ஒயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துச் சுற்றினால் மின் இரைச்சல் ஏறித் தப்பான சிக்னல் வரும், விலக்கிக் கொண்டுபோக வேண்டும். உப்புப் படிந்தால் உள்ளிருக்கும் மிதவை ஒட்டிக்கொள்ளும். துடைக்க வேண்டுமானால் மேலே இழுத்தாக வேண்டும், அது எரிச்சலான வேலைதான்.

தொட்டியில் இருக்கும் ஃப்ளோட் சுவிட்ச் மட்டும் இதுவரை ஒரு தொல்லையும் தந்ததில்லை. ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி இணைத்திருக்கிறேன். மாற்றி இணைத்தால், அறுந்த அன்று தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். எடையைக் கேபிளில் சற்று மேலே தள்ளிக் கட்டி, நிற்கும் மட்டத்துக்கும் எழும் மட்டத்துக்கும் ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கெட் எடுத்தாலே மோட்டார் எழும்.

இனி நண்பரின் கேள்வி. மோனோபிளாக் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும், நடைமுறையில் 6, 7 மீட்டர்தான் எல்லை. அதோடு சோலாரில் ஒவ்வொரு மேகத்துக்கும் பம்பு நின்று எழும். உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு லேசாகக் கசிந்தாலும் சக்‌ஷன் பைப் காலியாகி, கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே பம்பு வெறும் காற்றில் சுற்றும், சீல் கருகும். கிணற்றுச் சென்சார் இதைக் கண்டுபிடிக்காது. டெலிவரியில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சுவிட்ச் வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டும் அவருக்கு மோனோபிளாக்தான் சொன்னேன். அவர் கிணற்றில் கோடையில், அதுவும் இறைத்துக்கொண்டிருக்கும்போதே, மட்டம் 5 மீட்டரைத் தாண்டவில்லை. கோளாறு வந்தால் ஸ்பேனரும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே கழற்றிவிடலாம். என் தண்ணீரும் அந்த ஆழத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன்.