முடி வளர்க்கிறவர்களுக்கு முதல் எதிரி பல்லுக் கத்தரி

சென்னை தண்டையார்பேட்டை நண்பன் அனுப்பிய கேள்வி: "மச்சான், நாலு மாசம் ஆச்சு. ரெண்டு சைடும் தூக்கிட்டு நிக்குது, பின்னாடி காலர்ல விழுது. சலூன்ல கனத்தைக் குறைச்சு விட்டா சரியாயிடும்ங்கிறாங்க. குறைக்கட்டா?"

குறைக்காதே. ஃபேட் கட்டிங்கிலிருந்து முடி வளர்த்து ஓராண்டுக்கு மேல் வைத்துப் பழகிய அனுபவத்தில், மற்ற தொல்லைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். கனம் குறைக்க எடுக்கிற அந்தப் பல்லு வைத்த கத்தரியை மட்டும் பொறுக்க முடியாது.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 செ.மீ. வளரும். ஒன் நம்பர் மெஷின் போட்டால் சைடில் 3 மி.மீ. நிற்கும். மேலே 8 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு மாதத்தில் சைடு 5 செ.மீ., மேலே 13 செ.மீ. இரண்டும் வளர்ந்துவிட்டன, ஆனால் நடுவில் இருந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. வெறுமனே வளரவிட்டால் அது என்றைக்கும் குறையாது. நீளமாக இருக்கிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால்தான் குட்டையாக இருக்கிற இடம் வந்து சேரும்.

பல்லுக் கத்தரி இதற்கு நேர்எதிரான வேலையைச் செய்கிறது. 5 செ.மீ. சைடு முடியில் சிலவற்றை மட்டும் 2 செ.மீ.க்கு வெட்டிவிடும். அன்றைக்குக் கனம் குறைந்து படிந்தாற்போல இருக்கும். ஒரு மாதம் போனால் அந்தக் குட்டை முடிகள் விறைத்து நின்று, மேலே படிய வேண்டிய நீள முடியை வெளியே தள்ளும். கடற்காத்தின் ஈரத்தில் இன்னும் உப்பும். அந்த 3 செ.மீ. வித்தியாசமும் தானாகப் போகாது, நீள முடியை வெட்டித்தான் சமன் செய்ய வேண்டும். கனம் குறைக்கப் போய், சைடில் வளர்ந்த சில மாதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம். மிகவும் அடர்த்தியான முடிக்கு, காதுக்குக் கீழே இறங்கிய பிறகு, நுனிப் பக்கம் மட்டும் அந்தக் கத்தரி உதவும். அதற்கு முன்பு வேண்டாம்.

பின்னங்கழுத்து கதை வேறு. அங்கே முடியின் வேரே கழுத்தோரத்தில் இருக்கிறது. அதனால் 5 செ.மீ. வளர்ந்தாலே முழுவதும் காலரில் விழும். சைடில் வேர் காதுக்கு மேலே இருப்பதால் அதே 5 செ.மீ. காதின் மேல்பாதியைக்கூடச் சரியாக மூடாது. 'பின்னாடி மட்டும் வேகமா வளருது' என்று தோன்றுவது இதனால்தான். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பின்னங்கழுத்தை மட்டும் 2, 2½ செ.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். சைடு காதை மூடும்வரை இதே வேலைதான்.

சலூனில் உட்கார்ந்ததும், துணி கட்டும் முன்பே இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, மெஷின் வேணாம், பல்லுக் கத்தரியும் வேணாம். பின்னாடி மட்டும் சீப்பு வச்சு கத்தரில எடுங்க. காதைச் சுத்தி தோல்ல விழுற முடியை மட்டும் ஓரம் கட்டுங்க. சைடுல கை வைக்காதீங்க, மேல நுனியை மட்டும் வெட்டுங்க." 'லைட்டா' என்ற சொல்லை மறந்தும் சொல்லாதீர்கள், ஆளுக்கு ஓர் அளவு அதற்கு. கிருதாவையும் நேராக வெட்டி மேலே ஏற்ற விடாதீர்கள். காதுக்கு முன்னால் சைடு முடி இறங்கிப் படிவதற்கு அதுதான் ஆதாரம். பழக்கதோஷத்தில் மெஷினை எடுக்கிற கை இருக்கிறதே, அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சைடு தூக்குவதற்குக் காரணம், கீழே இழுக்கும் அளவுக்கு முடிக்கு இன்னும் எடை வராததுதான். 3 முதல் 6 செ.மீ. வரை அப்படித்தான் நிற்கும். எதிர்பாராத சந்தோஷம் என்றால், இதற்கு அதிகக் காசு செலவில்லாத வழி இருந்தது. ஈர முடி எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்திலேயே நிற்கும். குளித்ததும் பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, பட்டாணி அளவு லீவ்-இன் கண்டிஷனரை உள்ளங்கையில் தேய்த்து சைடில் தடவி, சீப்பால் கீழ்நோக்கிச் சீவி, பழைய வேட்டித் துணியைத் தலையைச் சுற்றி பதினைந்து நிமிடம் கட்டி வைத்தால் சாயங்காலம்வரை தாங்கும். மெழுகு போன்ற ஹேர் வாக்ஸ் இந்த ஊருக்கு ஒத்துவரவில்லை. வெயிலில் இளகி, லாரித் தூசியைப் பிடித்துக்கொண்டு, கழுவினாலும் போகாமல் அடம்பிடிக்கிறது.

இதே விதிதான் ஹெல்மெட்டில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. ஈரத்தலையில் மாட்டினால் நெற்றியைச் சுற்றி மடிப்பு விழுந்து அப்படியே காயும். அதைவிட மோசம், உள்ளே வியர்வையும் எண்ணெயும் தேங்குவது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை தலையின் எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. முடி குட்டையாக இருந்தபோது ஷாம்பு நேராகத் தோலில் பட்டது, இப்போது முடியிலேயே நின்றுவிடுகிறது. அரிக்கிறதே என்று ராத்திரி தேங்காய் எண்ணெய் ஊறவைத்தால் அரிப்பு கூடும். எண்ணெய் வேண்டுமென்றால் குளிக்கும் முன் நுனி முடிக்கு மட்டும்.

2% கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நாலு வாரம் போட வேண்டும். முடியை விரலால் வகிடு வகிடாகப் பிரித்து, தோலில் படும்படி ஒரு டீஸ்பூன் அளவு தடவி, நகம் படாமல் விரல்நுனியால் தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். உடனே கழுவினால் பலன் கிடைக்காது. பிறகு வாரம் ஒன்றோ, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ போதும். வட்டமாக முடி உடைந்து கொட்டினாலோ, சீழ்க் கொப்புளம் வந்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் அப்படி வட்டமாக வரும் படர்தாமரையை மறைத்து, உள்ளுக்குள் பரப்பிவிடும்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் தலைக்குச் சோப்பு போடவே கூடாது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து, வெள்ளைப் படிவமாக முடியில் ஒட்டும். அதைப் பொடுகு என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள். குளியல் போர் தண்ணீரில் ஆகட்டும், கடைசி இரண்டு குவளை மட்டும் மெட்ரோ தண்ணீர் ஊற்றுங்கள். முடி சிக்காமல் சீப்பு இறங்குவதிலேயே வித்தியாசம் தெரியும்.

எட்டு, ஒன்பது மாதத்தில் சைடு 10 செ.மீ. தாண்டி, காதுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். அந்த நாளிலிருந்து இது அருமையான முடி. காலையில் சீவ வேண்டிய வேலைகூடக் குறைகிறது.

ஆனாலும் இந்த நண்பனுக்கு என் பதில், இப்போது முடி வளர்ப்பதே வேண்டாம் என்பதுதான். மணலி வேலையில் எட்டு மணி நேரம் சேஃப்டி ஹெல்மெட், போகவர பைக் ஹெல்மெட், மாதவரம் ரோட்டுத் தூசி, அதுவும் சித்திரை வெயில் வரப்போகிற நேரம். அவனுக்கு இந்த முடி ஒத்துவருமா என்றால், ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். நிறுத்துவதாக இருந்தாலும் மறுபடி ஒன் நம்பருக்குப் போகாதே. சைடை 4 செ.மீ., மேலே 8 செ.மீ. என்று கத்தரியிலேயே வெட்டி வை. ஐப்பசியில் மனசு மாறினால் அங்கிருந்தே தொடங்கலாம், சைடுக்கு மூன்று மாதம் மிச்சம்.