ஆல்ட் டேப் அடித்தால் கிராஷ்: பார்டர்லெஸ் மோடில் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

டைரக்ட்எக்ஸ் 9 காலத்து ரோல் பிளேயிங் கேம் ஒன்றை நீண்ட நாளாக விளையாடி வருகிறேன். ஃபுல்ஸ்கிரீனில் இருக்கும்போது ஆல்ட் டேப் அடித்து பிரவுசருக்குப் போவேன். திரும்பி வந்தால் கருப்புத் திரை, பாட்டு மட்டும் ஓடும், சில நொடியில் கேம் மூடிக்கொள்ளும். பார்டர்லெஸ் மோடுக்கு மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு இந்த மாதிரி ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் மாறியதும் வேறு சில தொல்லைகள் வந்தன. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், ஏன் விழுகிறது? எக்ஸ்க்ளூசிவ் ஃபுல்ஸ்கிரீன் என்றால் திரை முழுவதும் கேமின் கைக்குப் போய்விடுகிறது. ஆல்ட் டேப் அடித்ததும் விண்டோஸ் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. டைரக்ட்எக்ஸ் 9-ல் அந்த நொடியே கேமுக்கு "டிவைஸ் லாஸ்ட்" நிலை வந்துவிடும். திரும்பி வரும்போது கேம் `Reset` என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மீட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கட்டாயம் உண்டு: கிராபிக்ஸ் கார்டின் `D3DPOOL_DEFAULT` என்ற பகுதியில் வைத்ததை எல்லாம் கேமே விடுவித்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று பாக்கி இருந்தாலும் `Reset` தோற்று `D3DERR_INVALIDCALL` என்று திரும்பும். அந்தத் தோல்வியைக் கவனிக்காமல் கேம் அடுத்த வேலைக்குப் போனால் அங்கேயே கதை முடிந்தது. சாதாரண டெக்ஸ்சர்கள் பெரும்பாலும் `D3DPOOL_MANAGED` பகுதியில் இருப்பதால் தாமாகவே மீண்டுவிடும். நிழல், நீரில் தெரியும் பிம்பம் போன்றவற்றை வரைந்து வைக்கும் ரெண்டர் டார்கெட்டுகள்தான் `DEFAULT` பகுதியில் மட்டுமே இருக்க முடியும்.

என் கேமில் இது அப்படியே பொருந்தியது. மெயின் மெனுவில் எத்தனை தடவை ஆல்ட் டேப் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஊருக்குள் நுழைந்த பிறகு அடித்தால் விழும். நிழல் அமைப்பை முழுவதும் அணைத்துவிட்டு அதே ஊரில் நின்று அடித்தால் தாங்கும். நிழலுக்கான ரெண்டர் டார்கெட்தான் விடுவிக்கப்படாமல் நிற்கிறது என்று இதை வைத்துத்தான் முடிவுக்கு வந்தேன்.

உங்கள் கேமிலும் இதுதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஊருக்குள் நின்றபடியே ஆப்ஷனுக்குப் போய் ரெசல்யூஷனை மாற்றிப் பாருங்கள். அதற்கும் வழக்கமாக அதே `Reset` தான். அங்கேயும் விழுந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். இன்னொன்று, ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். அப்ளிகேஷன் லாகில் கேமின் பெயரோடு 1000 என்ற ஈவென்ட் மட்டும் இருந்தால் விழுந்தது கேம்தான். சிஸ்டம் லாகில் அதே நேரத்தில் `Display` என்ற பெயரில் 4101 இருந்தால் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று விண்டோஸ் அதை மீட்டிருக்கிறது என்று பொருள். அது ஓவர்கிளாக், சூடு, டிரைவர் கோளாறு என்று வேறு ரகம். பார்டர்லெஸ் அதற்கு மருந்தல்ல.

பார்டர்லெஸ் மோடில் கேம் என்பது திரை அளவுக்கு விரிந்த, ஓரப்பட்டை இல்லாத ஒரு சாதாரண விண்டோ. ஆல்ட் டேப் அடித்தால் இன்னொரு விண்டோ முன்னால் வருகிறது, அவ்வளவுதான். திரையை யாரும் பிடுங்குவதில்லை; டிவைஸும் போவதில்லை. பிழை கேமுக்குள் அப்படியே இருக்கிறது, அது கிளம்புவதற்கான சந்தர்ப்பத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. அதனால்தான் கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போடுவதற்கு முன்போ, பின்னால் வேறொரு கேமை எக்ஸ்க்ளூசிவ் ஃபுல்ஸ்கிரீனில் திறப்பதற்கு முன்போ இப்போதும் சேவ் செய்துவிடுகிறேன். அந்த இரண்டிலும் டிவைஸ் போக வாய்ப்பு இருக்கிறது.

என் கேமின் ஆப்ஷனில் பார்டர்லெஸ் இல்லை. ஆகவே அதன் அமைப்புக் கோப்பில் விண்டோ மோடைத் தேர்ந்தேன்:

```
Fullscreen=0
Width=1920
Height=1080
```

பிறகு Borderless Gaming என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் கேமைப் பட்டியலில் சேர்த்தேன். ஓரப்பட்டையை எடுத்துவிட்டு விண்டோவைத் திரைக்கு விரிப்பது அதன் வேலை. ஒரு தடவை சேர்த்தால் போதும், அடுத்த முறை கேம் திறக்கும்போது தானாகச் செய்துவிடும்.

இங்கேதான் முதல் தொல்லை. என் விண்டோஸில் எழுத்து அளவு 125% வைத்திருக்கிறேன். பழைய கேமுக்கு இந்த ஸ்கேலிங் பற்றித் தெரியாது. அது 1920×1080 கேட்டது. விண்டோஸ் அதை 1.25 மடங்கு பெருக்கி 2400×1350 ஆக்கிவிட்டது. வலது ஓரமும் கீழ் ஓரமும் திரைக்கு வெளியே போயின. மினி மேப் பாதிதான் தெரிந்தது, எழுத்தெல்லாம் மங்கல். கேமின் `.exe` கோப்பில் வலது கிளிக் செய்து `Properties`, `Compatibility`, `Change high DPI settings` என்று போய், கடைசியில் இருக்கும் `Override` பெட்டியை டிக் செய்து `Application` தேர்ந்ததும் சரியாகிவிட்டது. பார்டர்லெஸ் மங்கலாக இருக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது, கேமுக்குள் இருக்கும் பிரைட்னஸ் ஸ்லைடர் செத்துவிட்டது. இழுத்தாலும் ஒன்றும் மாறாது. டைரக்ட்எக்ஸ் 9-ல் அந்த காமா வசதி ஃபுல்ஸ்கிரீனுக்கு மட்டும்தான். குகைக் காட்சிகளில் இது நிஜமாகவே கஷ்டம். இப்போது கிராபிக்ஸ் டிரைவரின் கண்ட்ரோல் பேனலில் காமாவை ஏற்றிக்கொள்கிறேன். விளையாடி முடித்ததும் திரும்ப இறக்க வேண்டியிருக்கிறது.

தாமதம் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பழைய கேம் பார்டர்லெஸில் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமும் விண்டோஸின் டெஸ்க்டாப் அடுக்கு வழியாகவே திரைக்கு வரும். அதில் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் கூடலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது சுமார் 17 மில்லிசெகண்ட். என் கேமில் வாளை வீசுவதில் அதை நான் உணரவில்லை. வேகமான ஷூட்டர் விளையாடுபவர்களுக்கு அது உறுத்தலாம். விண்டோஸ் 11-ல் `Optimizations for windowed games` என்ற அமைப்பு இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் வந்தது. ஆனால் அது டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்களுக்கானது. என் கேமுக்கு அதனால் பயன் இல்லை.

புதிய கேம்களில் இந்த வேலையே வேண்டாம், பார்டர்லெஸ் ஆப்ஷனிலேயே இருக்கும். அவற்றில் கிராஷ் வந்தால் `Disable fullscreen optimizations` பெட்டியை டிக் செய்யச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆல்ட் டேப் பிரச்சினைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வசதி ஃபுல்ஸ்கிரீன் கேமைப் பார்டர்லெஸ் போல நடத்துவதற்காக வந்தது. அதை நிறுத்தினால் பழைய எக்ஸ்க்ளூசிவ் மோடுக்கே திரும்பிப் போகிறோம்.

கடைசியாக ஒரு பழக்கம் மாற வேண்டியிருந்தது. பார்டர்லெஸில் ஆல்ட் டேப் அடித்து வெளியே வந்தாலும் என் கேம் பின்னால் முழு வேகத்தில் வரைந்துகொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் பிரவுசரில் உட்கார்ந்திருந்தால் அத்தனை நேரமும் ஃபேன் இரைகிறது. டிரைவரின் கண்ட்ரோல் பேனலில், பின்னணியில் இருக்கும் அப்ளிகேஷனுக்கு 20 ஃபிரேம் என்று வரம்பு போட்ட பிறகு சத்தம் அடங்கியது. உங்கள் டிரைவரில் அந்த வசதி இல்லையென்றால், நீண்ட நேரம் வெளியே போகும்போது கேமின் மெயின் மெனுவுக்கு வந்துவிட்டுப் போங்கள். ஊருக்குள் நிற்பதைவிட அங்கே சுமை குறைவு.