டுரியான் பருவப் பணத்தை மொத்தமாக ஏலக்கூட்டில் போட்டு ஏமாந்த கதை

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஏக்கர் டுரியான் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பழம் விழும்; ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களிலேயே கைக்கு வந்துவிடும். அறுவடை முடிந்ததும் உரமும் கிளை வெட்டும் கூலியும் உண்டு, பிப்ரவரி, மார்ச்சில் மரம் பூக்கும்போது மீண்டும் செலவு வரும். இடைப்பட்ட மாதங்களில் மிச்சப் பணத்தை எங்கே வைப்பது என்பதில் நான் செய்த பிழையைத்தான் எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டில், கடன்களை அடைத்தபின் என்னிடம் 24,000 வெள்ளி மிஞ்சியது. எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக ஏலக்கூட்டு நடத்திவந்த ஒருவர் வீட்டுக்கே வந்தார். இருபது பங்கு, பங்குக்கு மாதம் 500 வெள்ளி. ஆக மாதம் 10,000 வெள்ளி சேரும்; மாதம் ஒருவர் ஏலத்தில் அதை எடுப்பார். அவசரமாகப் பணம் தேவைப்படுபவர் 2,000 வெள்ளி தள்ளிக் கேட்டால் 8,000 வாங்கிக்கொள்வார். தள்ளிய தொகை இருபது பங்குக்கும் பிரிந்து, அந்த மாதம் ஒவ்வொருவரும் 400 கட்டினால் போதும். கடைசியில் எடுப்பவருக்கு முழுத் தொகையும் கிடைப்பதால் அவருக்கே லாபம் அதிகம். அந்த லாபம் முன்னால் எடுத்தவர்களின் நெருக்கடியிலிருந்து வருகிறது என்பதும், கடைசிவரை காத்திருப்பவர் உண்மையில் முன்பின் தெரியாத பத்தொன்பது பேருக்கு ஈடில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கூட்டு மாதச் சம்பளக்காரர்களுக்குப் பொருந்தும் ஏற்பாடு. எனக்கோ மாதா மாதம் கட்டப் பணம் வராது. அதைச் சொன்னபோது அவர், "அண்ணே, இரண்டு பங்குக்கும் சேர்த்து 20,000 வெள்ளியை இப்போதே கொடுத்துவிடுங்கள், மாதா மாதம் உங்கள் பேரில் நானே கட்டிவிடுகிறேன், தள்ளுபடியையும் குறித்து வைக்கிறேன்" என்றார். எனக்கு அது வசதியாகத் தோன்றியது. ஆனால் அந்த நிமிடத்திலேயே நான் கூட்டுக்காரனாக இல்லாமல் போய், அவரிடம் பணத்தை ஒப்படைத்தவனாகிவிட்டேன். கட்ட வேண்டிய வேலை இல்லாததால் ஏலத்துக்கும் நான் போகவில்லை. போயிருந்தால் யார் கேட்கிறார்கள், எவ்வளவு தள்ளுகிறார்கள் என்பதையாவது கண்ணால் பார்த்திருப்பேன். மூன்றாம் மாதத்திலேயே ஒருவர் 3,500 வெள்ளி தள்ளி எடுத்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அவ்வளவு தள்ளி எடுப்பவர் மிச்சம் பதினேழு மாதமும் கட்டுவாரா என்ற ஐயம் யாருக்கும் எழ வேண்டும்.

பிப்ரவரியில் பூ உரத்துக்காக ஒரு பங்கை எடுக்கக் கேட்டேன். "இந்த மாதம் வேறொருவர் கேட்டுவிட்டார், பொறுத்தால் உங்களுக்குத்தான் லாபம்" என்றார். மார்ச்சிலும் அதே பதில். உரத்தைக் கடனுக்கு வாங்கினேன். பதினோராம் மாதம் கூட்டு நின்றது. இருபது பங்குகளில் ஏழு அவருடைய சொந்தக்காரர்களின் பெயரில் இருந்தவை என்றும், அவர்கள் முதலிலேயே எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்ட தவணைகளை என்னுடைய பணத்தைக் கொண்டே நிரப்பியிருக்கிறார் என்றும் பிறகுதான் தெரிந்தது. இதுவரை 2,300 வெள்ளி திரும்பி வந்திருக்கிறது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அவர் கையெழுத்துள்ள ஒரு குறிப்பேடும் சில வாட்ஸ்அப் செய்திகளும் மட்டுமே என்னிடம் இருந்தன. சிறு கோரிக்கை வழக்கு 5,000 வெள்ளி வரைக்குமே என்பதால் என் தொகைக்கு அந்த வழி இல்லை. கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் தடுக்கிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 'கூட்டு' என்ற நம் சொல்லே சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள்; ஊருக்குள் நடக்கும் கூட்டு அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை.

இப்போது பருவப் பணத்தைச் செலவு வரும் நாளைப் பார்த்துப் பிரிக்கிறேன். செப்டம்பர் உரத்துக்கானது சேமிப்புக் கணக்கில் இருக்கும். மிச்சத்தை ஒரே நிரந்தர வைப்பாகப் போடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்று, பூக்கும் காலத்துக்கு முதிரும்படி ஆறு மாதத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போடுகிறேன். அவசரத்துக்கு ஒன்றை முன்கூட்டியே உடைத்தாலும் அதன் வட்டிதான் போகும், முதலும் மற்ற வைப்பும் அப்படியே இருக்கும். வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வைப்புப் பணத்துக்குக் காப்புறுதி தரும் பிஐடிஎம் அமைப்பின் உறுப்பு வங்கி மூடப்பட்டாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. கூட்டுறவுக் கழகத்தில் போடும் பணத்துக்கு இந்தக் காப்புறுதி இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் பழம் விற்று முடித்த இரண்டு பேர் வீட்டுக்கு அதே ஆள் போயிருக்கிறார். "மொத்தமாகக் கொடுங்கள், மாதா மாதம் நானே கட்டிவிடுகிறேன்" என்றுதான் அவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.