ஞாயிற்றுக்கிழமை எடையா, ஏழு நாள் சராசரியா?

உடல் எடையைக் குறைக்க முயல்வோர் வாரம் ஒருமுறை கணக்குப் பார்ப்பதற்கு மூன்று வழிகளைக் கைக்கொள்கிறார்கள். ஞாயிறு காலையில் மட்டும் எடை பார்ப்பது ஒன்று. நாள்தோறும் பார்த்து, வார முடிவில் சராசரி எடுப்பது மற்றொன்று. எடைக் கருவியையே விட்டுவிட்டு இடுப்புச் சுற்றளவை மட்டும் அளப்பது மூன்றாவது. எங்கள் வீட்டில் முதலாவதில் தொடங்கி இரண்டாவதற்கு மாறினோம். அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஞாயிறு எடையின் வசதி வெளிப்படையானது. ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒற்றை எண், உடலில் உள்ள கொழுப்புடன் நீரையும் குடலில் இருக்கும் உணவையும் சேர்த்தே காட்டுகிறது. மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் தங்குகிறது. உப்பு மிகுந்தாலும் நீர் தேங்கும். ஆகவே இரவில் மரச்சீனிக் கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டவருக்கு, கொழுப்பு சிறிதும் கூடாமலே மறுநாள் காலை ஒரு கிலோ வரை கூடுதலாகக் காட்டலாம். ஒரு வாரத்தில் நியாயமாகக் குறையக்கூடிய கொழுப்போ அரைக் கிலோ அளவுதான்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஒருவரின் முதல் வார எடைகள், திங்கள் முதல் ஞாயிறு வரை, 78.6, 78.4, 78.5, 78.3, 78.4, 78.1, 77.8 என்று கொள்வோம், சராசரி 78.3 கிலோ. அடுத்த வாரம் 78.1, 77.9, 77.8, 77.6, 77.7, 77.8 என்று இறங்கி வந்தவர், சனிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு கல்யாண விருந்தில் பால்பாயசமும் போளியுமாக உண்டுவிட்டு, ஞாயிறு காலை 78.4 காண்கிறார். ஞாயிறுகளை மட்டும் ஒப்பிட்டால் 600 கிராம் கூடிவிட்டது; சராசரியோ 77.9, அதாவது 400 கிராம் குறைந்திருக்கிறது. முதல் வழியில் செல்பவர் அன்றே சோற்றைப் பாதியாக்குவார். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த திட்டம் அங்கே காரணமின்றிக் கைவிடப்படுகிறது. என் தேர்வைத் தீர்மானித்ததும் இதுவே: எப்போது திட்டத்தை மாற்ற வேண்டும் என்பதைவிட, எப்போது மாற்றக் கூடாது என்பதைச் சராசரி தெளிவாகச் சொல்கிறது.

அளக்கும் முறை எளிது. காலையில் கழிப்பறை சென்றுவந்தபின், தேநீர் குடிப்பதற்கு முன், அதே கருவியைச் சமமான தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் விடுபட்டால் ஆறால் வகுத்துக்கொள்ளலாம். திட்டம் தொடங்கிய முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்குவது பெரும்பாலும் நீரிழப்பே என்பதால், அதைக் கணக்கில் கொள்வதில்லை.

அதன்பின் மூன்று வாரச் சராசரிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால்தான் மாற்றத்தைப் பற்றி யோசிக்கிறோம். அப்போதும் முதலில் பார்ப்பது, திட்டத்தை உண்மையில் கடைப்பிடித்தோமா என்பதையே. வாரத்தில் மூன்று மாலை நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் பிரிந்திருந்தால், திட்டத்தைக் குறை கூற வழியில்லை. கடைப்பிடித்தும் அசையவில்லையென்றால் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம்: மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைப்பது, அல்லது மாலை நடையில் அரைமணி கூட்டுவது. இரண்டையும் ஒருங்கே மாற்றினால் எது பலித்தது என்று அறிய இயலாது. எதிர்த்திசையிலும் ஒரு வரம்பு வேண்டும். வாரந்தோறும் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால், உணவைச் சற்றுக் கூட்டுவதே நல்லது. தசையும் சேர்ந்து கரையும் வாய்ப்பு உண்டு.

இடுப்பு அளவை நான் துணையாகவே கொள்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் நாடாவைச் சுற்ற வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கை வரம்பு. நாடா சற்றுச் சாய்ந்தாலே ஒரு சென்டிமீட்டர் மாறும் என்பதால், இரு வாரங்களுக்கு ஒருமுறை அளந்தால் போதும். எடை நின்றும் இடுப்பு குறைந்தால், திட்டத்தைத் தொடலாகாது. கொழுப்பு விழுக்காடு காட்டும் கருவிகளை நான் சிறிது காலமே பயன்படுத்தினேன். உடலின் நீரளவுக்கேற்ப அவை தடுமாறுவதால் முடிவெடுக்க நம்புவதில்லை.

மாதவிலக்கு வரும் பெண்களுக்கு அடுத்தடுத்த வாரங்களின் ஒப்பீடு போதாது. அதற்கு முந்தைய நாட்களில் நீர் தேங்குவதால், சென்ற மாதத்தின் அதே வாரச் சராசரியுடன் ஒப்பிட வேண்டும். நாள்தோறும் எண்ணைப் பார்ப்பது மனக்கலக்கம் தருகிறவர்களுக்கு ஞாயிறு எடையே ஏற்றது. ஆனால் நான்கு ஞாயிறுகள் கழியும்வரை எதையும் மாற்றாதிருக்க வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்போர், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்; மருந்தின் அளவும் உடன் மாற வேண்டியிருக்கலாம்.